குடம்புளி அமிலமும் உடல் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடம்புளியில் கொழுப்பைக் குறைக்கும் பொருள் இருக்கிறது என்கிறார்களே, அது என்ன?

அதன் பெயர் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தோடு ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி கூடுதலாகச் சேர்ந்த அமைப்பு அது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியின் தோலில், இலங்கையில் கொறக்கா என்று சொல்லும் அதே காயில், இந்த அமிலம் மிகுதியாக இருக்கிறது. உலர்ந்த தோலின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 30 விழுக்காடு வரை இது இருக்கலாம். சாலையோர மரங்களில் சுருள் சுருளாகக் காய்க்கும் கொடுக்காப்புளி வேறு தாவரம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நெடுங்காலம் இந்தத் தோலின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும்தான் என்று நம்பினார்கள். 1965இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் முதன்மை அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம்தான் என்று நிறுவினார்கள். இந்த மூலக்கூறுக்கு முப்பரிமாணத்தில் நான்கு வடிவங்கள் உண்டு. குடம்புளியில் இருப்பது அவற்றுள் ஒன்று; கீழே சொல்லப்போகும் நொதியை வலுவாகத் தடுப்பதும் அந்த ஒரு வடிவம்தான். புளிச்சக்கீரை இனத்துச் செடிகளில் இருக்கும் இன்னொரு வடிவத்துக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் என்றோ, அதன் மின்னேற்ற வடிவத்துக்குரிய ஹைட்ராக்ஸிசிட்ரேட் என்றோ பெயர் இருந்தாலே எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி உடலில் என்ன வேலை செய்கிறது?

நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோஸாகி, உயிரணுவுக்குள் பைருவேட்டாக உடைந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகின்றன. கொழுப்பு அமிலத்தைக் கட்டுவதற்கான செங்கல் இந்த அசிட்டைல் தொகுதிதான். ஆனால் கொழுப்பு கட்டப்படும் இடம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, உயிரணுத் திரவத்தில் இருக்கிறது. அசிட்டைல் கோஎன்சைம் ஏயால் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தானாகக் கடக்க முடியாது. அதனால் அது ஆக்ஸலோஅசிட்டேட்டோடு சேர்ந்து சிட்ரேட்டாகிறது, சிட்ரேட்டாகவே வெளியே வருகிறது. வெளியே வந்த சிட்ரேட்டை மறுபடியும் அசிட்டைல் கோஎன்சைம் ஏ, ஆக்ஸலோஅசிட்டேட் என்று இரண்டாகப் பிளப்பதுதான் ஏடிபி சிட்ரேட் லையேஸின் வேலை. ஒவ்வொரு பிளப்புக்கும் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது.

பிளந்து கிடைத்த அசிட்டைல் தொகுதி அடுத்த படியில் மலோனைல் கோஎன்சைம் ஏ ஆகி, அதிலிருந்து நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலி உருவாகிறது. கொலஸ்டிராலும் இதே அசிட்டைல் தொகுதியிலிருந்துதான் உருவாகிறது. மலோனைல் கோஎன்சைம் ஏவுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிவதற்காக நுழையும் வாயிலை அது அடைத்துவைக்கிறது. எனவே இந்த நொதியைத் தடுத்தால் புதிய கொழுப்பு உருவாவது குறையும், பழைய கொழுப்பு எரிவது கூடும் என்று எதிர்பார்த்தார்கள். ஏட்டில் பார்த்தால் இந்த எதிர்பார்ப்பில் பிழை ஏதும் இல்லை.

அந்த நொதியை இந்த அமிலம் எப்படித் தடுக்கிறது?

நொதியில் சிட்ரேட் வந்து உட்காரும் ஒரு குழிவு இருக்கிறது. ஹைட்ராக்ஸிசிட்ரேட் உருவத்தில் சிட்ரேட்டை ஒத்திருப்பதால் அதே குழிவில் அமர்ந்துகொள்கிறது. அது அமர்ந்திருக்கும்வரை சிட்ரேட்டுக்கு அங்கே இடமில்லை. உயிர்வேதியியலில் இதைப் போட்டித் தடுப்பு என்பார்கள். 1969இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வாட்சன், ஃபாங், லோவன்ஸ்டைன் ஆகிய மூவரும் இதைக் காட்டினார்கள். பிரித்தெடுத்த நொதியில் சிட்ரேட்டைவிடப் பன்மடங்கு இறுக்கமாக ஹைட்ராக்ஸிசிட்ரேட் ஒட்டியது. ஒரு மைக்ரோமோலாரை ஒட்டிய மிகக் குறைந்த செறிவே தடுப்புக்குப் போதுமானதாக இருந்தது. பின்னாளில், 2017இல், மனித நொதியில் இந்த அமிலம் பிணைந்திருக்கும் நிலையைப் படிகக் கட்டமைப்பாகவே வெளியிட்டார்கள். ஆகவே தடுப்பு நிகழ்கிறதா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் போட்டித் தடுப்பு என்பதிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. விளக்கத்துக்காக மட்டும் எளிய எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொதி பாதி வேகத்தில் இயங்குவதற்கு 100 அலகு சிட்ரேட் தேவை என்றும், உயிரணுவில் 200 அலகு இருக்கிறது என்றும் கொள்வோம். தடுப்பான் இல்லாதபோது நொதியின் வேகம் 200-ஐ 300-ஆல் வகுத்த அளவு, அதாவது உச்ச வேகத்தில் 67 விழுக்காடு. இப்போது தடுப்பான் வந்து, பாதி வேகத்துக்குத் தேவையான சிட்ரேட்டின் அளவை 500 ஆக உயர்த்துகிறது. வேகம் 200-ஐ 700-ஆல் வகுத்த அளவு, 29 விழுக்காடாகச் சரிகிறது. சோதனைக் குழாயில் நாம் காண்பது இந்தச் சரிவைத்தான்.

உயிரணுவுக்குள் கதை அங்கே நிற்பதில்லை. பிளக்கப்படாத சிட்ரேட் தேங்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து புதிய சிட்ரேட்டும் வந்துகொண்டே இருக்கிறது. தேங்கியது 600 அலகை எட்டினால், வேகம் 600-ஐ 1,100-ஆல் வகுத்த அளவு, 55 விழுக்காடு ஆகிவிடும். தடுப்பான் ஓர் இம்மியும் குறையவில்லை, ஆனாலும் இழந்த வேகத்தில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. போதாக்குறைக்கு, சிட்ரேட் மிகுந்தால் மலோனைல் கோஎன்சைம் ஏவை உருவாக்கும் அடுத்த நொதி தூண்டப்படும்.

எலிகளில் எடை குறைந்ததே, மனிதர்களில் மட்டும் ஏன் குறையவில்லை?

1970களில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சல்லிவனும் உடன்பணியாளர்களும் எலிகளில் விரிவான ஆய்வுகள் செய்தார்கள். ஈரலில் கொழுப்பு உருவாவது தெளிவாகக் குறைந்தது. எலிகள் உண்ணும் அளவும் எடையும் குறைந்தன. இந்த முடிவுகளை மறுக்க வேண்டியதில்லை. அவை எந்தச் சூழலில் கிடைத்தன என்பதைப் பார்க்க வேண்டும். அந்த எலிகளில் பலவற்றுக்கு நாளுக்கு ஒரு வேளை, சில மணி நேரம் மட்டும், குளுக்கோஸ் மிகுந்த, கொழுப்பு மிகக் குறைந்த தீனி கொடுக்கப்பட்டது. இப்படிப் பழக்கப்பட்ட எலியின் ஈரல் குளுக்கோஸைக் கொழுப்பாக்கும் வேலையை உச்ச வேகத்தில் செய்கிறது. நொதி முழு மூச்சில் இயங்கும்போது தடுப்பானைக் கொடுத்தால் விளைவு பெரிதாகத்தான் தெரியும்.

மனித உடல் அப்படி இயங்குவதில்லை. நம் உணவில் கொழுப்பு ஏற்கெனவே இருக்கிறது. தேங்காயிலும் எண்ணெயிலும் நெய்யிலும் உள்ள கொழுப்பு, குடலில் செரித்து, இரத்தத்தின் வழியே கொழுப்புத் திசுவுக்குச் சென்று அப்படியே சேமிக்கப்படுகிறது. இந்தப் பாதையில் ஏடிபி சிட்ரேட் லையேஸுக்கு வேலையே இல்லை. இடுப்பிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பில் மிகப் பெரும் பங்கு இப்படித் தயாராக வந்ததுதான். மனிதக் கொழுப்புத் திசுவில் மாவுச்சத்திலிருந்து கொழுப்பு கட்டும் நொதிகளின் செயல்பாடும் எலியினதைவிடக் குறைவு.

எலிகளிலும்கூட எடை குறைந்ததற்குப் பெரும் காரணம் அவை குறைவாக உண்டதுதான். அமிலம் பெற்ற எலிகள் எவ்வளவு தின்றனவோ அதே அளவை மட்டும் மற்ற எலிகளுக்கும் கொடுத்து ஒப்பிட்டபோது, எடை வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்தது.

நான் சோறுதான் அதிகம் சாப்பிடுகிறேன். மாவுச்சத்து கொழுப்பாவதைத் தடுத்தால் எடை குறைய வேண்டும்தானே?

மாவுச்சத்து மிகுந்தால் உடல் முதலில் செய்வது அதை எரிப்பதும், கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்ப்பதும்தான். கிளைக்கோஜன் கிடங்கு நிரம்பி வழியும் நிலையில்தான் கொழுப்பாக்கம் பெரிய அளவில் தொடங்குகிறது. 1988இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அச்செசன் குழுவினர் சில ஆண்களுக்கு நாள்கணக்கில் அளவுக்கு மிஞ்சி மாவுச்சத்தைக் கொடுத்து இதைக் காட்டினார்கள். உடலின் கிளைக்கோஜன் சுமார் அரைக் கிலோ கூடிய பிறகே கொழுப்பு உருவாக்கம் நாளுக்கு 100 கிராமைத் தாண்டும் நிலைக்குப் போனது. அப்போது அவர்கள் உண்டது நாளுக்கு 5,000 கலோரியை நெருங்கியது. வழக்கமான கலப்பு உணவு உண்பவர்களில் ஒரு நாளில் இப்படி உருவாகும் கொழுப்பு சில கிராம் அளவுதான்.

ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 2,000 கலோரி உண்கிறார். அவருடைய ஈரல் நாளுக்கு 5 கிராம் கொழுப்பைப் புதிதாக உருவாக்குகிறது. மருந்து அதை முழுவதும் நிறுத்திவிட்டது என்றே கொள்வோம். நடைமுறையில் அப்படி முழுத் தடுப்பு நிகழ்வதில்லை. 12 வாரத்துக்கு, அதாவது 84 நாளுக்கு, 420 கிராம் ஆகிறது. எல்லாமே அவருக்குச் சாதகமாக அமைந்தாலும் அரைக் கிலோகூட வரவில்லை.

உண்மையில் அந்த 420 கிராமும் உடலை விட்டுப் போவதில்லை. 5 கிராம் கொழுப்பாக வேண்டியிருந்த ஏறக்குறைய 15 கிராம் குளுக்கோஸ் இப்போது குளுக்கோஸாகவே இருக்கிறது. அது சிறுநீரில் போவதில்லை, மலத்திலும் போவதில்லை. உடல் அதை எரிக்கிறது. அதை எரிக்கும் நேரத்தில், இல்லாவிட்டால் எரித்திருக்கக்கூடிய உணவுக் கொழுப்பை எரிக்காமல் விட்டுவைக்கிறது. சம்பளப் பணத்தை வங்கிக் கணக்கில் போடாமல் வீட்டு அலமாரியில் வைத்தால் சேமிப்பு குறையாததைப் போன்றதுதான் இது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குளுக்கோஸைக் கொழுப்பாக மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை. மாவுச்சத்தின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு அந்த மாற்றத்திலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த மாற்றத்தை நிறுத்தினால் அந்த வெப்ப இழப்பும் நின்றுவிடும். உண்ணும் அளவு மாறாதவரை, கொழுப்பாக்கத்தை மட்டும் தடுப்பது ஆற்றல் கணக்கில் உடலுக்குச் சிக்கனமாகத்தான் முடிகிறது. எடை குறைய வேண்டுமென்றால் ஒன்று உள்ளே வரும் ஆற்றல் குறைய வேண்டும், அல்லது செலவாகும் ஆற்றல் கூட வேண்டும். இந்த நொதியைத் தடுப்பது நேரடியாக இவ்விரண்டையும் செய்வதில்லை.

அப்படியென்றால் மனிதர்களிடம் இந்த அமிலம் எதையும் செய்வதில்லையா?

செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் அதற்குத் தனிச் சூழல் தேவைப்பட்டது. நெதர்லாந்தில் கோவாக்ஸும் வெஸ்டர்டெர்ப்-பிளாண்டெங்காவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சில ஆண்களின் கிளைக்கோஜனை முதலில் வடியச் செய்து, பிறகு பல நாள் மாவுச்சத்தைத் தேவைக்கு மேல் ஊட்டினார்கள். வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உள்ளிழுக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள விகிதம் ஒன்றைத் தாண்டினால், உடல் எரிக்கும் கொழுப்பைவிட உருவாக்கும் கொழுப்பு அதிகம் என்று பொருள். அந்த அளவுகோலில், அமிலம் எடுத்தபோது கொழுப்பாக்கம் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. எலி ஆய்வின் சூழலை மனிதரில் செயற்கையாக உண்டாக்கினால் நொதித் தடுப்பின் அடையாளம் தென்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

வழக்கமான நிலையில் பார்த்தவர்களுக்கு அது தென்படவில்லை. 1999இல் கிரிகெட்டோஸும் உடனாய்வாளர்களும் உடலுழைப்புக் குறைந்த 10 ஆண்களுக்கு நாளுக்கு 3 கிராம் அமிலத்தை 3 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்விலும் சரி, மிதமான உடற்பயிற்சியிலும் சரி, ஆற்றல் செலவோ கொழுப்பு எரியும் அளவோ மாறவில்லை. 2000இல் வான் லூன் குழுவினர் பயிற்சி பெற்ற 10 சைக்கிள் வீரர்களுக்குப் பெரிய அளவில் கொடுத்தார்கள். இரத்தத்தில் அமிலத்தின் அளவு தெளிவாக உயர்ந்தது, ஆனால் எரியும் கொழுப்பின் அளவு உயரவில்லை. இந்தக் கடைசி முடிவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மருந்து உடலுக்குள் சேரவில்லை என்ற விளக்கத்துக்கு அதில் இடமில்லை.

எடை குறைப்பு ஆய்வுகளில் எத்தனை கிலோ குறைந்தது?

மிகவும் பேசப்பட்ட ஆய்வு 1998இல் ஹேம்ஸ்ஃபீல்டு குழுவினர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டது. 135 பேரைச் சீட்டுப்போட்டதுபோல் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் அமிலம், மறு குழுவுக்கு வெற்று மாத்திரை. இரு குழுவுக்கும் ஒரே மாதிரியான, கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவு. 12 வார முடிவில் அமிலம் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோவும், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோவும் குறைந்திருந்தார்கள். இந்த வேறுபாடு புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். விற்பனைக்கு ஆதரவானவர்கள் நார்ச்சத்து அமிலத்தை உறிஞ்சவிடாமல் தடுத்திருக்கும் என்று குறை சொன்னார்கள். அதைவிட அடிப்படையான காரணம் வேறு: கலோரியைக் குறைத்து உண்பவரின் உடலில் மாவுச்சத்து கொழுப்பாவது முன்பே ஏறக்குறைய நின்றிருக்கும். நின்றிருப்பதைத் தடுப்பதால் என்ன மாறும்?

2000இல் மேட்ஸும் போர்மனும் 89 பெண்களிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், நாளுக்கு 1,200 மில்லிகிராம் அமிலம் எடுத்தவர்கள் 3.7 கிலோவும் மற்றவர்கள் 2.4 கிலோவும் குறைந்தார்கள். இது சாதகமான முடிவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. 2011இல் தென் கொரியாவில் 86 பேரிடம் 10 வாரம் பார்த்ததில் பலன் ஏதும் தெரியவில்லை.

இப்படி முரண்படும் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2011இல் ஒனக்போயாவும் சக ஆய்வாளர்களும் 9 ஆய்வுகளின் எண்களைத் தொகுத்தார்கள். வெற்று மாத்திரையைவிட அமிலம் கூடுதலாகக் குறைத்தது சராசரியாக 0.88 கிலோ. உண்மை மதிப்பு எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக எல்லை 1.75 கிலோவிலிருந்து ஏறக்குறைய சுழியம்வரை நீண்டிருந்தது. ஆய்வுமுறை கறாராக இருந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தபோது வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. அந்த ஆய்வுகளில் எதுவும் 12 வாரத்தைத் தாண்டவில்லை என்பதால், குறைந்த எடை நிலைத்ததா என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. வயிற்றுக் கோளாறுகள் அமிலம் எடுத்தவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன.

அளவு போதாததுதான் காரணமோ? இன்னும் அதிகம் எடுத்தால் என்ன?

ஒரு பகுதி அப்படித்தான். ஹைட்ராக்ஸிசிட்ரேட் மூன்று எதிர்மின்னேற்றங்களைத் தாங்கும் மூலக்கூறு. உயிரணுச் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றமுள்ள பொருளை அது எளிதில் உள்ளே விடாது. பிரித்தெடுத்த நொதியைத் தடுக்க மைக்ரோமோலார் அளவு போதும் என்றால், உயிருள்ள உயிரணுக்களை வளர்த்துச் செய்யும் சோதனைகளில் அதே விளைவுக்கு மில்லிமோலார் அளவு, அதாவது ஆயிரம் மடங்கு வரிசையில், தேவைப்படுகிறது. விளம்பரங்கள் முதல் எண்ணைச் சொல்லி மாத்திரையை விற்கின்றன. உடலில் பொருந்துவது இரண்டாவது எண்.

இன்னொரு சிக்கல் அமிலத்தின் நிலைத்தன்மை. தனி அமிலமாக இருக்கும்போது அது தனக்குள்ளேயே வளைந்து வளையமாகி லாக்டோன் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. லாக்டோன் நொதியின் குழிவில் சரியாகப் பொருந்தாது. இதைத் தவிர்க்கவே தயாரிப்பாளர்கள் கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் உப்புகளாக விற்கிறார்கள். கால்சியம் உப்பு நீரில் கரைவது குறைவு. பொட்டாசியம் கலந்தவை எளிதாகக் கரையும்.

இருந்தாலும் உறிஞ்சுதலைச் சீர்செய்துவிட்டால் எடை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. மேலே போட்ட கணக்கில் நாம் முழுத் தடுப்பையே எடுத்துக்கொண்டோம். அப்போதும் அரைக் கிலோ வரவில்லை. உடலும் வேறு வழி வைத்திருக்கிறது. குடல் நுண்ணுயிர்கள் உருவாக்கும் அசிட்டேட்டிலிருந்து வேறொரு நொதி நேராக அசிட்டைல் கோஎன்சைம் ஏவை உருவாக்கிக்கொள்ளும். 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், ஈரலில் ஏடிபி சிட்ரேட் லையேஸே இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு ஃப்ரக்டோஸ் கொடுத்தபோது, ஈரல் இந்த மாற்று வழியில் கொழுப்பைக் கட்டிக்கொண்டே இருந்தது.

இதே நொதியைத் தடுக்கும் வேறு மருந்து இருக்கிறதா?

இருக்கிறது, இந்த விவாதத்தில் எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்றும் அதுதான். பெம்பிடாயிக் அமிலம் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவிலும் விற்பனையில் உள்ளது. நாளுக்கு 180 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அது ஈரலுக்குள் போன பிறகே அங்குள்ள ஒரு நொதியால் செயல்வடிவம் பெற்று, ஏடிபி சிட்ரேட் லையேஸைத் தடுக்கிறது. செயல்வடிவம் தரும் அந்த நொதி தசையில் இல்லாததால் மருந்து அங்கே செயல்படுவதில்லை.

குடம்புளி அமிலம் எட்டத் தவறிய இலக்கை இந்த மருந்து எட்டியது என்பதற்கு இரத்தப் பரிசோதனையே சாட்சி. 2023இல் வெளியான, சுமார் 14,000 பேர் பங்கேற்ற ஆய்வில், கெட்ட கொலஸ்டிரால் ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய நிகழ்வுகள் 13 விழுக்காடு குறைந்தன. நொதி தடைபட்டது, அதன் விளைவும் உடலில் தெரிந்தது. ஆனால் இம்மருந்து எடைக் குறைப்புக்கானதாக ஆகவில்லை. கொலஸ்டிராலுக்காகவே மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். ஏடிபி சிட்ரேட் லையேஸை ஈரலில் உருப்படியாகத் தடுத்தால் கிடைப்பது கொலஸ்டிரால் குறைவு. இடுப்பளவு குறைவதற்கான திறவுகோல் அந்த நொதியில் இல்லை.

பசியைக் குறைக்கும் என்கிறார்களே?

எலிகளில் உணவு உட்கொள்ளல் குறைந்தது என்று பார்த்தோம். கொழுப்பாகாத குளுக்கோஸ் ஈரலில் கிளைக்கோஜனாகச் சேர்ந்து நிறைவு உணர்வைத் தூண்டுகிறது என்றும், மூளையில் செரோடோனின் கூடுகிறது என்றும் விளக்கங்கள் சொல்லப்பட்டன. மனிதர்களிடம் இது உறுதிப்படவில்லை. எடை சற்றுக் குறைந்ததாகக் காட்டிய மேட்ஸ், போர்மன் ஆய்விலேயே பசியில் மாற்றம் காணப்படவில்லை.

புட்டியில் ‘60 விழுக்காடு’ என்று போட்டிருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் சாறு, அதில் 60 விழுக்காடு அமிலம் என்றால் உண்மையில் இருப்பது 300 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு என்று எழுதியிருந்தால் 600 மில்லிகிராம்தான் கிடைக்கும். ஆனால் எடை குறைப்பு ஆய்வுகளில் கொடுத்தது 1,000 முதல் 2,800 மில்லிகிராம்வரை. எந்த உப்பாக இருக்கிறது, லாக்டோன் எவ்வளவு என்பவை பெரும்பாலான புட்டிகளில் இருக்காது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பச்சைத் தேயிலைச் சாறு, காஃபீன் போன்றவை கூடச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பது. பாதுகாப்பு பற்றிய பதிலில் அதற்குக் காரணம் இருக்கிறது.

மீன் குழம்பில் போடும் குடம்புளியும் இதே விளைவு தருமா? அது ஆபத்தா?

நாலைந்து துண்டு, சுமார் 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காட்டுக் கணக்கில் குழம்பு முழுவதிலும் 2 கிராம் அமிலம் இருக்கலாம். தோலை உலர்த்திப் புகையில் போடும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் அதில் ஒரு பங்கு லாக்டோனாகிவிடும். மிச்சம் வீட்டில் உள்ளவர்களுக்குப் பிரிந்துபோகும், துண்டுகளையும் பெரும்பாலும் எடுத்து ஒதுக்கிவிடுகிறோம். எடை குறைப்புக்கு அது எதையும் செய்யாது. சமையலில் பயன்படுத்தும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. கீழே சொல்லும் ஈரல் பாதிப்புகள் செறிவூட்டிய சாறு மாத்திரைகள் தொடர்பானவை.

ஈரலைக் கெடுக்கும் என்று படித்தேன். உண்மையா?

அரிதாக நிகழ்கிறது, ஆனால் நிகழும்போது கடுமையாக இருக்கலாம். அமெரிக்காவின் மருந்துசார் ஈரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பில், குடம்புளிச் சாறு தொடர்பான 22 பேர் விவரிக்கப்பட்டார்கள். அவர்களில் 5 பேர் எடுத்துக்கொண்டது குடம்புளிச் சாறு மட்டும். 16 பேர் அதோடு பச்சைத் தேயிலைச் சாறும் சேர்ந்த தயாரிப்பு. பச்சைத் தேயிலைச் சாறும் தனியாகவே இத்தகைய பாதிப்போடு தொடர்புபடுத்தப்பட்டது என்பதால், கலவையில் எது காரணம் என்று ஒவ்வொருவரிடமும் பிரித்துச் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவர்களில் நோயெதிர்ப்பு சார்ந்த எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வடிவம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. அளவைவிட, எடுத்துக்கொள்பவரின் நோயெதிர்ப்பு அமைப்பு அந்தப் பொருளை எப்படி எதிர்கொள்கிறது என்பதே காரணமாக இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதம் எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு உத்தரவாதம் ஆகாது.

பாதிப்பு பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களிலேயே தெரிகிறது. காரணம் தெரியாத அசதி, குமட்டல், பசியின்மை, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, பிறகு சிறுநீர் தேநீர் நிறமாதல், கண் மஞ்சளாதல் என்று அறிகுறிகள் வரிசையாக வரலாம். பசியின்மையை மாத்திரை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடர்பவர்கள் உண்டு. அது மிகவும் ஆபத்தான தவறு. இவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை அன்றே நிறுத்தி, மருத்துவரிடம் புட்டியோடு போய், ஈரல் நொதிகளுக்கும் பிலிருபினுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சேர்க்கைப் பொருட்களின் பட்டியல் அந்தப் புட்டியில்தான் இருக்கும் என்பதால் அதை வீட்டில் விட்டுவிடக் கூடாது. நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. தேறியவர் அதே சாறு உள்ள வேறு தயாரிப்பை மறுபடி எடுக்கக் கூடாது. இரண்டாவது முறை பாதிப்பு முன்பைவிட விரைவாக வரக்கூடும். ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், நீரிழிவுக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுப்பவர்களும் இதைத் தொடங்கவே வேண்டாம்.